சுழலாத ஹார்ட் டிஸ்க்: முதலில் மின்சாரத்தைப் பாருங்கள்

வடபழனி முருகன் கோயிலில் நடந்த கல்யாணத்தின் வீடியோ முழுவதும் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் வீடுகள் ஏராளம். ஒருநாள் அதைச் செருகினால் விளக்கு எரிகிறது, டிஸ்க் சுழலவில்லை. வீடியோ பதிந்த தட்டு நன்றாக இருக்க, மின்சாரம் வரும் வழி மட்டும் கெட்டிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கும் வழி இது.

1. டிஸ்க்கை மேஜைமேல் வைத்து, மேலே விரலை வைத்தபடி கேபிளைச் செருகுங்கள். மெல்லிய அதிர்வே இல்லையென்றால் மின்சாரமோ போர்டோ சந்தேகத்துக்குரியது. சுழல ஆரம்பித்து, நின்று, மறுபடி ஆரம்பித்தால் பெரும்பாலும் மின்சாரம் போதவில்லை. நல்ல மின்சாரம் கொடுத்தும் 'டக் டக்' என்று தட்டிக்கொண்டே இருந்தால் உடனே கழற்றிவிடுங்கள். அது உள்ளே உள்ள கோளாறு, வீட்டில் தொடக்கூடாது.

2. கையடக்க டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் சுமார் 1 ஆம்பியர் இழுக்கும். பழைய யுஎஸ்பி 2.0 போர்ட்டின் கணக்கு 500 மில்லி ஆம்பியர்தான், யுஎஸ்பி 3.0 போர்ட்டுக்கு 900. அதனால் நீளமான கேபிளையும் அடாப்டர் இல்லாத ஹப்பையும் விட்டுவிட்டு, குட்டையான நல்ல கேபிளை கம்ப்யூட்டரின் பின்பக்க போர்ட்டில் நேராகச் செருகுங்கள். பல டிஸ்க்குகள் இதிலேயே எழுந்துவிடும்.

3. மேஜைமேல் வைக்கும் பெரிய டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் உண்டு, பெரும்பாலும் 12 வோல்ட். தளர்ந்துபோன அடாப்டர் மீட்டரில் 12 காட்டும், மோட்டார் இழுத்ததும் சரிந்துவிடும். ஆகவே மீட்டரை நம்பாமல், அதே வோல்ட்டும் அதே அளவோ கூடுதலோ ஆம்பியரும் உள்ள வேறொன்றை மாட்டிப் பாருங்கள். பின்னின் பிளஸ், மைனஸ் குறியும் ஒத்திருக்க வேண்டும். 12 வோல்ட் வைஃபை ரூட்டர் அடாப்டர் பொருந்தலாம், ஆனால் பலவற்றில் ஆம்பியர் போதாது. 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரை மாட்டினால் போர்டு கருகிவிடும்.

4. இதற்கும் அசையவில்லையென்றால், டப்பாவுக்குள் டிஸ்க்கையும் யுஎஸ்பியையும் இணைக்கும் சின்ன போர்டைச் சந்தேகிக்கலாம். வாரண்டி முடிந்திருந்தால் மட்டும் திறங்கள். போர்டு தனியாகக் கழன்று வந்தால், டிஸ்க்கை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் சாட்டா டப்பாவில் போட்டுப் பாருங்கள். பெரிய டிஸ்க்குக்கு 12 வோல்ட் அடாப்டருடன் வரும் டப்பாதான் சரி. சுழன்றால் பழைய போர்டுதான் குற்றவாளி. சில கையடக்க டிஸ்க்குகளில் யுஎஸ்பி முனை டிஸ்க்கின் சொந்த போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றைத் தகவல் மீட்பவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

5. புது டப்பாவில் சுழன்றும் விண்டோஸ் `Initialize Disk` என்று கேட்டால் `Cancel` அழுத்துங்கள். சில மாடல்களில், பாஸ்வேர்ட் வைக்காவிட்டாலும், பழைய போர்டு தகவலைப் பூட்டியே எழுதியிருக்கும். அதே மாடல் போர்டு கிடைத்தால் திறக்க வாய்ப்புண்டு. ஃபார்மட் செய்துவிட்டால் அந்த வேலை பலமடங்கு கடினம்.

6. டிஸ்க் எழுந்ததும் படம் பார்க்க உட்காராமல், கல்யாண வீடியோவை முதலில் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுங்கள்.