கூடை அரைக் கிலோ, பில் நாலரைக் கிலோ

வயர் கூடைக்கு ஆர்டர் வருகிறது, மாதக் கடைசியில்தான் கையில் காசு நிற்கவில்லை என்று போனில் சொன்னாயே, அந்தக் காசு பெரும்பாலும் கூரியரில்தான் போயிருக்கும். நானும் முதல் ஆறு மாதம் இப்படித்தான் விட்டேன். வீட்டுத் தராசில் நிறுத்து, அறுநூறு கிராம்தானே என்று நூறு ரூபாய் கூரியர் சார்ஜ் வாங்கினேன். புக் செய்யும்போதும் தொண்ணூற்றுச் சொச்சம்தான் காட்டியது. பத்து நாள் கழித்து வாலட்டில் மீதியைப் பிடித்துக்கொண்டார்கள்.

கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. வண்டியில் உன் பெட்டி அடைக்கிற இடத்தையும் எடையாக மாற்றிப் பார்த்து, இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் பில் போடுகிறார்கள். இதற்கு வால்யூமெட்ரிக் வெயிட் என்று பெயர். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் கிலோ வந்துவிடும்.

என் கூடையையே எடுத்துக்கொள். பெட்டி 36 × 22 × 26. பெருக்கினால் 20,592, வகுத்தால் 4.12 கிலோ. அரைக் கிலோ ஸ்லாப் என்பதால் அது 4.5 ஆகிவிடும். என் ரேட் முதல் அரைக் கிலோவுக்கு 45, பிறகு ஒவ்வொரு அரைக் கிலோவுக்கும் 35. ஆக 325 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 383.50. கூடை விலை 650. வயர் 260, பின்னுகிற அக்காவுக்குக் கூலி 180, அட்டைப் பெட்டி, டேப் 30 போக எனக்கு நிற்க வேண்டியது 180. கஸ்டமர் தந்த நூறு போக, கூரியருக்கு நான் கையிலிருந்து கட்டியது 283.50. கூடை ஒன்றுக்கு நூறு ரூபாய்க்கு மேல் நஷ்டம். நிறைய விற்க விற்க நஷ்டமும் ஏறியது, அது எனக்குத் தெரியவே இல்லை.

இப்போது நான் கூடையை மடித்து அனுப்புகிறேன். கைப்பிடியை உள்ளே தள்ளி, பக்கச் சுவர் இரண்டையும் உள்பக்கம் மடக்கி, அடியை ஒரு முகத்தோடு சேர்த்துப் படுக்க வைத்தால் 38 × 28 × 9 பெட்டியில் அடங்கிவிடுகிறது. அது 1.92 கிலோ, பில் 2 கிலோவுக்கு, ஜி.எஸ்.டி.யோடு 177 ரூபாய். மடிப்பு நிமிர, பிரித்ததும் பழைய பேப்பரைத் திணித்து ஒரு ராத்திரி வைக்கச் சொல்லி ஒரு சீட்டு போட்டுவிடு. நெல்லிக்காய் முடிச்சுக் கூடை இப்படி மடியாது, கெட்டியாக நிற்கும். அதைத் தனியாக அனுப்பாமல், உள்ளே அடங்குகிற சின்னக் கூடை ஒன்றையும் வைத்து செட்டாக விற்றுவிடு. பெட்டி அளவு அதேதான், கூரியரும் ஏறாது.

இதில் ஒரு சென்டிமீட்டர்கூட காசுதான் மா. அந்த 9 சென்டிமீட்டர் உயரம் 10 ஆனால் 2.13 கிலோ, பில் 2.5-க்குப் போய்விடும், 41.30 ரூபாய் கூடுதல். பெட்டிக்குள் கூடையை அமுக்கி மூடினால் மேல்மூடி நடுவில் உப்பும். அவர்களுடைய மெஷின் அந்த உப்பலைத்தான் அளக்கும். அதனால் டேப் ஒட்டிய பிறகு, மிக உயர்ந்த இடத்தில் வைத்து அள. பாலிதீன் கவர் என்றால் உள்ளே இருக்கிற காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு ஒட்டு.

கூரியர் கம்பெனியோடு சேரும் முன்னால் ஸ்லாப் எவ்வளவு, எந்த எண்ணால் வகுப்பீர்கள் என்று இரண்டையும் கேட்டுவிடு. 4000 என்று சொன்னால் இதே மடித்த பெட்டி 2.39 கிலோ ஆகிவிடும். திரும்பி வருகிற பார்சலுக்கும் இதே கணக்கில்தான் பிடிப்பார்கள். கேஷ் ஆன் டெலிவரியில் இது பெரிய அடி.

சில சமயம் அவர்கள் அளந்ததே தப்பாக இருக்கும். அதற்காக ஒவ்வொரு பார்சலையும் லேபிள் தெரிய, மூன்று பக்கமும் அளவு டேப் பிடித்து, தராசில் வைத்தும் போட்டோ எடுத்து வை. எடை வித்தியாசம் என்று மெசேஜ் வந்தால் அவர்கள் கொடுக்கிற சில நாள் கெடுவுக்குள் அந்தப் போட்டோவோடு மறுப்பு போட்டுவிடு. கெடு தாண்டினால் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டு பணத்தைப் பிடித்துவிடுவார்கள்.

அடுத்த ஆர்டருக்கு விலை சொல்வதற்கு முன்னால், உன்னிடம் இருக்கிற பெட்டிகளை அளந்து மூன்று எண்ணையும் எனக்கு எழுதி அனுப்பு. எந்தக் கூடைக்குக் கூரியர் எவ்வளவு போடலாம் என்று சேர்ந்து கணக்குப் பார்த்துவிடலாம்.