அட்டையில் இருக்கும் கேசரி, திரையில்

கேள்வி: அம்மா எழுதி வைத்த ரவா கேசரிக் குறிப்பை ஒன்றரை நிமிட வீடியோவாக்க வேண்டும். ஸ்கிரிப்ட் எப்படி எழுதுவது?

பதில்: முதலில் ஒருமுறை கடிகாரத்தோடு சமைத்துப் பாருங்கள். 'ரவையைச் சிவக்காமல் வறுக்கவும்' என்பது அட்டையில் ஒரே வரி. அடுப்பில் சிறு தீயில் 5 நிமிடம். வீடியோவில் அதற்கு 12 விநாடி போதும். ஆனால் 'சிறு தீ, 5 நிமிடம்' என்று திரையில் எழுத்து வரவேண்டும். இல்லாவிட்டால் பார்ப்பவர் 12 விநாடியில் இறக்கிவிடுவார்!

அளவுகளை மொத்தமாக முதலிலேயே காட்டாதீர்கள், யாருக்கும் நினைவிருக்காது. பொருள் வாணலியில் விழும்போது காட்டுங்கள், மூன்று விநாடியாவது நிற்கட்டும். அட்டையில் 'நெய் அரை கப்' என்றுதான் இருக்கும். அது 8 மேசைக்கரண்டி. வறுக்கும்போது 'நெய் 2 மேசைக்கரண்டி', சர்க்கரைக்குப் பிறகு 'மீதி 6' என்று பிரித்து எழுதுங்கள்.

அதிக நேரம் ஒதுக்கவேண்டியது 0:35 முதல் 1:00 வரை. கொதிக்கும் 3 கப் தண்ணீரில் ஒரு கப் ரவை வெந்து கெட்டியான பிறகே சர்க்கரை. முந்திப் போட்டால் ரவை விறைத்து நறுக்கென்று நிற்கும். அந்த வெந்த பதத்தை வெட்டாமல் அருகில் காட்டுங்கள். முந்திரி வறுப்பதற்கு நாலு விநாடியே அதிகம்.