பார்ட்டி கொண்டுவராத தரகர்: தனி ஒப்பந்தத்தை எந்த வழியில் முடிப்பது?

"வேறு யாரிடமும் கொடுக்காதீங்க சார், எங்கிட்ட மட்டும் விடுங்க, ஆறே மாசத்துல முடிச்சுத் தரேன்" என்று தரகர் கேட்பார். வீட்டுக்காரரும் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். முதல் மாதம் வாரம் ஒரு பார்ட்டி வந்து பார்ப்பார்கள். மூன்றாவது மாதம் தரகரின் போன் கூட வராது. அப்போதுதான் வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வரும்: இடையிலேயே முடித்துக்கொள்ளலாமா, முடித்தால் கமிஷன் கேட்பாரா?

முடித்துக்கொள்ளலாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், முகவருக்குக் கொடுத்த அதிகாரத்தைத் திரும்பப் பெறும் உரிமையைச் சொத்துக்காரருக்குத் தருகிறது. ஆனால் அப்படித் திரும்பப் பெறுவதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பின்னால் வரக்கூடிய சிக்கல் வேறு. எந்த வழி என்பதைத் தரகர் மேல் உள்ள கோபம் முடிவு செய்யக் கூடாது. கையெழுத்துப் போட்ட கடிதத்தின் வாசகம்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்தக் கடிதத்தை எடுத்து, முதலில் கமிஷன் பற்றிய வரியைப் படியுங்கள். "இந்தக் காலத்தில் வேறு தரகர் மூலம் விற்க மாட்டேன்" என்று இருந்தால், நீங்களே ஒரு பார்ட்டியைக் கண்டுபிடித்து நேரடியாக விற்பதை அது தடுக்காது. "இந்தக் காலத்தில் யார் மூலம் விற்றாலும் கமிஷன் தருகிறேன்" என்று இருந்தால் கதை வேறு. உங்கள் தம்பியே வாங்கினாலும் தரகர் கை நீட்டலாம். இரண்டையும் "எக்ஸ்குளூசிவ்" என்றே சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார்கள்.

ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். தாம்பரத்தில் ஒரு வீடு, கேட்கும் விலை 70 லட்சம். ஜனவரி 10 முதல் ஜூலை 9 வரை ஒரே தரகருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. கமிஷன் 2 சதவீதம், யார் மூலம் விற்றாலும். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ஐந்து பார்ட்டிகள் வந்து பார்த்தார்கள். அதன் பிறகு யாரும் இல்லை. ஏப்ரல் பாதியில் வீட்டுக்காரரின் அலுவலக நண்பர் ஒருவர் 68 லட்சத்துக்குக் கேட்கிறார். இப்போதே கிரயம் முடித்தால் தரகருக்கு 1,36,000 ரூபாய் போகும்.

முதல் வழி, காலம் முடியும் வரை காத்திருப்பது. கையில் மூன்று, நான்கு வாரங்கள்தான் பாக்கி என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. யாரோடும் மோதல் வேண்டாம், நோட்டீஸ் வேண்டாம். தாம்பரம் வீட்டுக்கோ கிட்டத்தட்ட மூன்று மாதம் பாக்கி. நண்பர் அதுவரை பொறுப்பாரா என்பது ஒரு கேள்வி. அவரோடு இப்போதே விலை பேசி அட்வான்ஸ் வாங்கிவிட்டு, பத்திரத்தை மட்டும் ஜூலை 10க்குத் தள்ளினால் தப்பிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். தப்பிக்க முடியாது. விற்பனை ஒப்பந்தம் எந்தத் தேதியில் உருவானது என்றுதான் தரகரின் வக்கீல் கேட்பார். அட்வான்ஸ் போன வங்கிக் கணக்கே அதற்குப் பதில் சொல்லிவிடும். காத்திருப்பது என்றால் பேரமும் காத்திருக்க வேண்டும்.

காத்திருக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். மறுப்புத் தெரிவிக்காவிட்டால் காலம் தானாக நீளும் என்று சில கடிதங்களில் ஒரு வரி இருக்கும். அப்படி இருந்தால், புதுப்பிக்க விருப்பமில்லை என்று அதில் சொன்ன கெடுவுக்குள் எழுத்தில் அனுப்பிவிட வேண்டும்.

இரண்டாவது வழி, பேசி முடிப்பது. பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். வாரக்கணக்கில் பார்ட்டி இல்லாத வீட்டைத் தரகரும் ஒரு சுமையாகவே வைத்திருப்பார். ஆனால் "ஒண்ணுமே செய்யல" என்று பேச்சைத் தொடங்கினால் அவர் கடிதத்தைத்தான் தூக்கிக் காட்டுவார். "இனி பொதுவாக விட்டுவிடுகிறேன், நீங்கள் பார்ட்டி கொண்டுவந்தால் அதே 2 சதவீதம் உங்களுக்கு" என்று சொல்லிப் பாருங்கள். தனி உரிமை போகும், பிழைப்பு போகாது என்பதால் பலர் இதற்கு ஒப்புக்கொள்வார்கள். அவர் விளம்பரத்துக்குச் செலவழித்திருந்தால், ரசீதைப் பார்த்து அதைக் கொடுத்துவிடுவதும் நியாயம். 1,36,000 ரூபாய்க்கு முன் அது சிறிய தொகை.

பேசியது வாய்ப்பேச்சோடு நிற்கக் கூடாது. ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்திட வேண்டும். வாசகம் இப்படி இருந்தால் போதும்:

"10.01 தேதியிட்ட கடிதத்தின் மூலம் கொடுத்த தனி அதிகாரத்தை இருவர் சம்மதத்துடன் இன்றோடு முடித்துக்கொள்கிறோம். இதுவரை தரகர் வீட்டைக் காட்டிய நபர்கள் கீழ்க்கண்ட ஐவர் மட்டுமே. இவர்களில் எவரேனும் இன்று முதல் 90 நாட்களுக்குள் வாங்கினால் மட்டும் 2 சதவீதக் கமிஷன் தரப்படும். இதைத் தவிர ஒருவருக்கொருவர் எந்தப் பாக்கியும் இல்லை."

இதில் உயிர்நாடி அந்த ஐவர் பட்டியல்தான். தரகர் அறிமுகம் செய்த ஆளுக்கு, அதிகாரத்தை ரத்து செய்த பிறகு விற்றாலும், அந்த அறிமுகமே விற்பனைக்கு உண்மையான காரணம் என்றால் தரகர் கமிஷன் கேட்க இடம் உண்டு. அவரைக் கழற்றிவிட்டு அவருடைய பார்ட்டியோடு தனியாகப் பேசி முடிப்பதை எந்த நீதிமன்றமும் ரசிக்காது. அதே சமயம், பட்டியல் இல்லாமல் பிரிந்தால் நாளை யார் வாங்கினாலும் "அவர் என் பார்ட்டிதான்" என்று சொல்ல வழி இருக்கும். பெயரும் வந்து பார்த்த தேதியும் எழுதி மூடிவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் பாதுகாப்பு. பட்டியல் தர அவர் இழுத்தடித்தால், நீங்களே வாட்ஸ்அப் செய்திகளைப் பார்த்து ஒரு பட்டியல் தயாரித்து, "இதில் விடுபட்டவர் உண்டா, ஒரு வாரத்தில் சொல்லுங்கள்" என்று அனுப்பிவையுங்கள்.

தாம்பரம் வீட்டுக்காரர் இந்த வழியில் போனால், நண்பர் பெயர் ஐவரில் இல்லை. பிரிந்த மறுநாளே அட்வான்ஸ் வாங்கலாம். ஆனால் நண்பர் காத்திருப்பதை மறைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கினால், ஏமாற்றி வாங்கியது என்ற வழக்குக்கு அதுவே வாசல். "எனக்குத் தெரிந்தவர் ஒருவர் கேட்கிறார்" என்று சொல்லியே பேசுங்கள். அதற்காகத் தரகர் ஒரு தொகை கேட்டாலும், முழுக் கமிஷனைவிட அது குறைவாகத்தான் இருக்கும்.

மூன்றாவது வழி, நோட்டீஸ் கொடுத்து ரத்து செய்வது. தரகர் பேசவே மறுத்தால், அல்லது பேசியும் ஒப்புக்கொள்ளாவிட்டால் இதுதான் மிச்சம். இங்கே காலவரையறை முக்கியம். ஒப்பந்தச் சட்டத்தின் 205ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுத்த அதிகாரத்தைப் போதுமான காரணம் இல்லாமல் இடையில் பறித்தால் இழப்பீடு தர வேண்டியிருக்கும். எனவே காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். "பார்ட்டி வரவில்லை" என்பது மட்டும் வலுவான காரணம் ஆகாது. சந்தை மந்தம் என்று அவர் சொல்லிவிடுவார். வேலையே செய்யவில்லை என்பதுதான் காரணம். எந்த விளம்பரம் கொடுத்தீர்கள், யார் யார் விசாரித்தார்கள் என்று எழுதிக் கேளுங்கள். கேட்டால் கணக்குக் காட்டுவது முகவரின் கடமை என்று 213ஆம் பிரிவு சொல்கிறது. பத்துப் பதினைந்து நாளில் பதில் இல்லை என்றால், அந்த மௌனமே உங்கள் காரணத்துக்குச் சாட்சி.

உங்களிடம் 70 லட்சம் என்று பேசிவிட்டு, வெளியே 75 சொல்லி, மேல் வருவதைத் தனக்கு வைத்துக்கொள்ளப் பார்த்தார் என்று தெரியவந்தால் இன்னும் வலுவான காரணம் கிடைக்கிறது. இணைய விளம்பரத்தில் போட்டிருக்கும் விலையைப் பார்த்தாலே இது பல நேரம் பிடிபட்டுவிடும். அந்தத் திரையைப் படம் பிடித்து வையுங்கள்.

கடிதத்தில் கெடு எதுவும் இல்லாமல் "விற்கும் வரை" என்று மட்டும் இருந்தால், 206ஆம் பிரிவு கேட்கும் நியாயமான முன்னறிவிப்பு தந்தாக வேண்டும். வீட்டுத் தரகுக்கு 15 முதல் 30 நாள் தந்தால் குறை சொல்வது கடினம். நோட்டீஸை ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டிலும், அதன் படத்தை வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். தரகருக்குத் தெரியவந்த பிறகுதான் ரத்து அவரைப் பொறுத்தவரை அமலுக்கு வரும். மூன்றாம் நபர்களைப் பொறுத்தவரை அவர்களுக்குத் தெரியவரும்போதுதான். அதனால் பட்டியலில் உள்ள பார்ட்டிகளுக்கும் ஒரு வரி அனுப்பிவிடுவது நல்லது. ரத்துக்கு முன்பே உங்கள் சார்பில் டோக்கன் அட்வான்ஸ் வாங்கத் தரகரை அனுமதித்து, அவரும் வாங்கியிருந்தால், ஏற்கெனவே நடந்த அந்தக் காரியத்தை ரத்து அழித்துவிடாது.

தரகர் உங்களுக்கே பணம் கொடுத்திருந்தால் இந்த மூன்று வழிகளும் மாறிவிடும். அவசரச் செலவுக்கு என்று 5 லட்சம் கொடுத்துவிட்டு, விற்ற பணத்தில் அதைக் கழித்துக்கொள்ளும் உரிமையோடு அதிகாரம் எழுதி வாங்கியிருந்தால், 202ஆம் பிரிவின்படி அதைத் தன்னிச்சையாக ரத்து செய்ய முடியாது. வெறும் கமிஷன் எதிர்பார்ப்பு இந்தப் பிரிவில் வராது. கொடுத்த கடன் வரும். இந்த நிலையில் பணத்தைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குவதற்கும் ரத்துக்கும் சேர்த்து ஒரு வக்கீலிடம் எழுதி வாங்குங்கள். இந்தச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள்.

கடிதம் இல்லாமல் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தவர்களுக்கு நோட்டீஸ் மட்டும் போதாது. பதிவு செய்த பவரைப் பதிவு செய்த ரத்துப் பத்திரத்தால்தான் முடிக்க வேண்டும். பவர் பதிவான அதே சார்பதிவாளர் அலுவலகத்துக்கே போவது குழப்பம் தராது. அன்றே தரகருக்கு நோட்டீஸ் போக வேண்டும், ஒரு நாளிதழில் பொது அறிவிப்பும் கொடுத்துவிடலாம். ரத்து செய்யப் போகும் முன்பே வில்லங்கச் சான்று எடுத்து, பவரை வைத்து அவர் யாருக்காவது விற்பனை ஒப்பந்தமோ கிரயமோ எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். எழுதியிருந்தால், ரத்து அதைத் தொடாது. பேச வேண்டிய ஆள் வாங்கியவர். சில நாள் கழித்து மறுபடி சான்று போட்டு, ரத்து ஏறியிருக்கிறதா என்றும் சரிபாருங்கள்.

எந்த வழியில் போனாலும் சாவியையும் மூலப் பத்திரத்தையும் முதலில் கைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். தனக்குச் சேர வேண்டிய கமிஷன் வரும் வரை ஆவணங்களைப் பிடித்து வைக்க 221ஆம் பிரிவு முகவருக்கு இடம் தருகிறது. விற்பனை நடக்காமல் கமிஷனே சேரவில்லை என்றால் அந்த உரிமையும் இல்லைதான். ஆனால் அதை நிரூபித்துப் பத்திரத்தை மீட்பதற்குள் வந்த பார்ட்டி போய்விடுவார். வாங்குபவருக்குக் காட்ட என்று கேட்டால் ஜெராக்ஸ் கொடுங்கள்.