குறியீடு அங்கேயே நிற்க, ஃபண்ட் மட்டும் ஏன் இறங்கியது?

அமெரிக்க ஃபண்டுகளுக்கான அறிக்கை வேலையைச் சென்னையில் உட்கார்ந்து பார்க்கும் அலுவலகம் ஒன்றில் நீங்கள் புதிதாகச் சேர்ந்திருந்தால், இந்தக் கேள்வி சீக்கிரமே உங்கள் மேசைக்கு வரும். “நான் வாங்கியது இரண்டு மடங்கு ஃபண்ட். வாங்கிய நாளில் குறியீடு எங்கே இருந்ததோ இன்றும் அங்கேயே இருக்கிறது. என் பணம் மட்டும் எப்படிக் குறைந்தது?”

கேட்பவர் கோபமாக இருப்பார். ஃபண்ட் சரியாக ஓடவில்லை என்று அவர் நினைக்கிறார். பெரும்பாலும் ஃபண்ட் தான் சொன்னதை அப்படியே செய்திருக்கும். அதை அவருக்கு எண்களோடு விளக்கத் தெரிவதுதான் உங்கள் வேலை.

முதலில் ஃபண்ட் என்ன வாக்கு கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். 2006 ஜூனில் அமெரிக்காவில் இந்த வகை இ.டி.எஃப்.கள் வந்த காலத்தில் இருந்தே விளக்க ஆவணத்தில் இருப்பது ‘ஒரு நாளின் வருமானத்துக்கு இரண்டு மடங்கு’ என்பதுதான். ஒரு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ அல்ல. ஒவ்வொரு நாளும் சந்தை மூடும் நேரத்தில் ஃபண்ட் தன் கணக்கை நேர்செய்துகொண்டு, மறுநாளைப் புதிதாகத் தொடங்குகிறது. இதற்குத்தான் தினசரி ரீசெட் என்று பெயர்.

நேர்செய்வது என்றால் என்ன என்பதை ஒரு வாரக் கணக்கில் பார்ப்போம். குறியீடு 100இல் இருக்கிறது, ஃபண்டின் மதிப்பும் 100 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

| நாள் | குறியீட்டின் மாற்றம் | குறியீடு | 2 மடங்கு ஃபண்ட் | 3 மடங்கு ஃபண்ட் |
|---|---|---|---|---|
| திங்கள் | +5% | 105.00 | 110.00 | 115.00 |
| செவ்வாய் | −4% | 100.80 | 101.20 | 101.20 |
| புதன் | +6% | 106.85 | 113.34 | 119.42 |
| வியாழன் | −5% | 101.51 | 102.01 | 101.50 |
| வெள்ளி | −1.5% | 99.98 | 98.95 | 96.94 |

குறியீடு கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டது. சாதாரண மடங்குக் கணக்குப்படி இரண்டு ஃபண்டுகளும் ஏறக்குறைய 100இல் நிற்க வேண்டும். ஆனால் முதலாவது ஒரு டாலரையும் இரண்டாவது மூன்று டாலரையும் இழந்திருக்கின்றன. ஒவ்வொரு நாளையும் தனியாக எடுத்துச் சரிபாருங்கள்: எந்த நாளிலும் மடங்கு தவறவில்லை.

பணம் எங்கே போனது என்பது திங்கள்கிழமை மாலையில் தெரியும். 100 டாலர் வைத்திருந்த இரண்டு மடங்கு ஃபண்ட், ஸ்வாப் ஒப்பந்தங்கள் மூலம் 200 டாலர் அளவுக்குச் சந்தையில் நின்றது. குறியீடு 5 சதவீதம் ஏறியதும் அந்த 200, 210 ஆனது. ஃபண்டின் சொந்தப் பணம் 110 ஆனது. நாளைக்கும் இரண்டு மடங்கு வேண்டுமென்றால் 220 வேண்டும். அதனால் ஏறிய விலையில் இன்னும் 10 டாலருக்கு வாங்குகிறது. செவ்வாயன்று சந்தை இறங்குகிறது. 220 என்பது 211.20 ஆகிறது, சொந்தப் பணம் 101.20. இதற்கு 202.40 போதும். எனவே இறங்கிய விலையில் 8.80 டாலருக்கு விற்கிறது. ஏறினால் வாங்கு, இறங்கினால் விற்றுவிடு என்பது இந்த ஃபண்டின் அன்றாட விதி. சந்தை முன்னும் பின்னும் ஆடும்போதெல்லாம் உயரத்தில் வாங்கித் தாழ்வில் விற்ற நஷ்டம் சேர்ந்துகொண்டே போகும்.

எவ்வளவு சேரும் என்பதை மனக்கணக்காகவே சொல்ல ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு நாளின் சதவீதத்தையும் அதே எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, 100ஆல் வகுங்கள். நம் வாரத்துக்கு 25, 16, 36, 25, 2.25, மொத்தம் 104.25. வகுத்தால் 1.04. இரண்டு மடங்கு ஃபண்டின் தேய்மானம் ஏறக்குறைய இத்தனை சதவீதம். மூன்று மடங்குக்கு இதைப்போல் மூன்று பங்கு, அதாவது 3.1. அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒத்துப்போகும்.

பலரும் தவறவிடுவது எதிர்த்திசை ஃபண்டுகளை. குறியீடு இறங்கினால் ஏறும் ஒரு மடங்கு எதிர் ஃபண்டுக்கும் இரண்டு மடங்கு ஃபண்டின் தேய்மானமே வரும். இரண்டு மடங்கு எதிர் ஃபண்டுக்கு மூன்று மடங்கின் தேய்மானம். இதே வாரத்தில் அவை முறையே 98.98, 96.91 என்று முடியும். ‘வெறும் ஒரு மடங்குதானே, ஆபத்தில்லை’ என்று எதிர் ஃபண்டைப் பற்றி யாராவது எழுதினால் அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள்.

இந்தச் சுருக்குவழிக்கு ஓர் எல்லை உண்டு. குறியீடு கிளம்பிய இடத்துக்கே திரும்பியிருந்தால்தான் இந்தத் தேய்மானத்தை நேரடியாகக் கழிக்கலாம். நகர்ந்திருந்தால் சாதாரண மடங்கில் இருந்து கழிக்கக் கூடாது. ஐந்து நாளும் 2 சதவீதம் வீதம் ஏறினால் குறியீடு 10.4 சதவீதம் கூடியிருக்கும். அதன் மூன்று மடங்கு 31.2. ஃபண்ட் தருவதோ 33.8. ஐந்து நாளும் 2 சதவீதம் வீதம் இறங்கினால் குறியீட்டுக்கு 9.6 சதவீத நஷ்டம், மூன்று மடங்கு 28.8, ஃபண்டின் நஷ்டம் 26.6தான். ஒரே திசையில் போகும் சந்தையில் ரீசெட் முதலீட்டாளருக்கு உதவுகிறது. ஏறும்போது லாபத்தின் மேல் லாபம் சேர்கிறது. இறங்கும்போது ஃபண்ட் நாள்தோறும் கையிருப்பைக் குறைத்துக்கொண்டே வருகிறது. ஆகவே ‘இந்த ஃபண்டுகள் எப்போதும் தேயும்’ என்று எழுதுவதும் தவறுதான். எந்தப் பாதையில் சந்தை போனது என்பதுதான் கேள்வி.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் நானே இதில் சறுக்கினேன். பத்து வருட மாத வருமானங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் மூன்றால் பெருக்கி, ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தேன். எங்கள் மேலாளர் அதைப் பார்த்துவிட்டு, “மாதத்தை ஏம்மா பெருக்கினே? ஃபண்ட் மாதத்துக்கா வாக்கு கொடுத்திருக்கு?” என்று மட்டும் கேட்டார். தினசரி எண்களை வைத்துத் திரும்பப் போட்டபோது கோடு வேறு இடத்தில் போய் நின்றது. ஆட்டம் அதிகமாக இருந்த மாதங்களில் விலகலும் அதிகம். அந்த வரைபடம் வாடிக்கையாளர் கைக்குப் போயிருந்தால் நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லியிருப்போம்.

எக்ஸெலில் செய்யும்போது B2 முதல் B6 வரை குறியீட்டின் தினசரி மாற்றங்கள் இருந்தால், முதல் வரி சரி. இரண்டாவது வரி வெறும் மடங்கு.

```
=PRODUCT(1+3*B2:B6)-1
=3*(PRODUCT(1+B2:B6)-1)
```

பழைய எக்ஸெலாக இருந்தால் Ctrl+Shift+Enter அழுத்த வேண்டும். மற்றவர் அனுப்பிய தாளில் எந்த முறை பயன்பட்டிருக்கிறது என்று சந்தேகம் வந்தால், குறியீடு 40 சதவீதம் விழுந்த ஒரு காலத்தைத் தேடுங்கள். அங்கே மூன்று மடங்கு ஃபண்டுக்கு மைனஸ் 120 சதவீதம் என்று இருந்தால் வெறும் மடங்குதான் போட்டிருக்கிறார்கள். ஃபண்டால் போட்ட பணத்துக்கு மேல் இழக்க முடியாது.

இனி உண்மையான ஒரு கணக்கு. நாஸ்டாக் 100 குறியீட்டின் மூன்று மடங்கு ஃபண்டான TQQQ திரையில் அடிக்கடி பார்க்கும் பெயர். 2021 முடிவில் குறியீடு 16,320. 2022இல் அது 33 சதவீதம் விழுந்தது. வெறும் மடங்குப்படி ஃபண்டில் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சியிருக்கக் கூடாது. ஆனால் விழுந்தது 79 சதவீதம். மேலே பார்த்த இறங்குமுகச் சந்தையின் உதவி இதுதான். 2023இல் குறியீடு ஏறக்குறைய 54 சதவீதம் ஏறி 16,826இல் முடிந்தது. அந்த ஒரு வருடத்தில் ஃபண்ட் ஏறத்தாழ மூன்று மடங்காகப் பெருகியது. இரண்டு வருடத்தையும் சேர்த்துப் பாருங்கள்: குறியீட்டுக்கு 3 சதவீத லாபம். ஃபண்டின் விலையில் ஏறக்குறைய 39 சதவீத நஷ்டம்.

இங்கே ஒரு புது ஆள், ‘39 சதவீதமும் ஆட்டத்தால் வந்த தேய்மானம்’ என்று எழுதிவிடுவார். பெரும்பங்கு அதுதான், முழுவதும் அதுவல்ல. மூன்று மடங்கு ஃபண்ட் தன் பணத்தைப்போல் இரு பங்கைக் கடனாக வாங்கியதற்குச் சமமான நிலையில் நிற்கிறது. ஸ்வாப்பில் அதற்கான வட்டி உண்டு. 2023இன் பிற்பாதியில் அமெரிக்கக் குறுகிய கால வட்டி 5 சதவீதத்துக்கு மேல் இருந்தது. இரண்டு பங்குக்கு வருடம் 10 சதவீதம். இதன்மேல் ஃபண்டின் கட்டணம். பிரித்துக் காட்டுவது கடினமல்ல. தினசரி மாற்றங்களை மூன்றால் பெருக்கிச் சங்கிலியாகக் கோத்து வரும் எண்ணுக்கும் வெறும் மடங்குக்கும் உள்ள வித்தியாசம் பாதையால் வந்தது. அந்தச் சங்கிலி எண்ணுக்கும் ஃபண்டின் உண்மையான எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் வட்டி, கட்டணம், ஈவுத்தொகைக் கணக்கு, நிர்வாகத்தின் சிறு பிசகுகள். இந்த இரண்டாவது இடைவெளி வழக்கத்துக்கு மாறாகப் பெருகினால்தான் ஃபண்டைக் கேள்வி கேட்க வேண்டும்.

வாடிக்கையாளருக்கு எழுதும் பதிலில் ஒரு பழைய எச்சரிக்கையைச் சேர்ப்பது என் வழக்கம். 2009 ஆகஸ்டில் எஸ்.இ.சி.யும் ஃபின்ராவும் சேர்ந்து வெளியிட்டது. 2008 டிசம்பர் 1 முதல் 2009 ஏப்ரல் 30 வரை ஒரு குறியீடு சுமார் 8 சதவீதம் ஏறியிருந்தது. அதன் மூன்று மடங்கு ஃபண்ட் 53 சதவீதம் விழுந்தது. மூன்று மடங்கு எதிர் ஃபண்ட் 90 சதவீதம் விழுந்தது. ஏறும் என்று பந்தயம் கட்டியவருக்கும் இறங்கும் என்று கட்டியவருக்கும் நஷ்டம். எத்தனை விளக்கம் சொன்னாலும் புரியாதவர்கள் இந்த மூன்று எண்ணைப் பார்த்ததும் புரிந்துகொள்கிறார்கள்.

பதில் அனுப்பும் முன் ஒரே ஒரு சொல்லைத் தேடுங்கள். நீங்கள் எழுதிய வரியில் ‘மூன்று மடங்கு’ என்று வரும் இடத்திலெல்லாம் பக்கத்தில் ‘ஒரு நாளுக்கு’ என்று இருக்கிறதா? இல்லாவிட்டால் அந்தக் கடிதத்தை அனுப்பாதீர்கள்.