மண்டப வாடகை: முகூர்த்த நாளுக்கு ஒரு விலை, வெறும் நாளுக்கு ஒரு விலை

திருமண மண்டபம் கட்டுவதற்குக் கடன் பெற்ற வாடிக்கையாளர்களின் கணக்கேடுகளைப் பார்க்கும்போது நாம் அடிக்கடி காண்பது ஒன்று உண்டு. வைகாசியிலும் ஆவணியிலும் வரவு குவிகிறது. ஆடியிலும் மார்கழியிலும் தவணை செலுத்தவே கை வறண்டுவிடுகிறது. மண்டபம் நன்றாக ஓடுகிறது என்று உரிமையாளர் நம்பியிருப்பார். ஆனால் ஆண்டின் 365 நாட்களில் ஏறத்தாழ 60 நாட்களே அது ஓடியிருக்கும். மீதி நாட்களில் வட்டி மட்டும் ஓடியிருக்கும். இதற்குப் பெரும்பாலும் காரணமாவது, எல்லா நாட்களுக்கும் ஒரே வாடகை வாங்கும் வழக்கமே.

இதனை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காண்போம். பெங்களூரில் தமிழ், கன்னட, தெலுங்குக் குடும்பங்கள் கலந்து வாழும் ஒரு பகுதியில் 400 பேர் அமரக்கூடிய மண்டபம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாடகை எந்த நாளாயினும் 80,000 ரூபாய். கடன் தவணை, சொத்து வரி, நிரந்தரப் பணியாளர் ஊதியம், மின் இணைப்பின் மாதக் கட்டணம், காப்பீடு, ஆண்டுக்கொரு முறை வெள்ளையடிப்பு ஆகியவை சேர்ந்து ஆண்டுக்கு 30 லட்சம் ரூபாய். விழா நடந்தாலும் நடக்காவிட்டாலும் இச்செலவு உண்டு.

விழா நடந்தால் மட்டும் ஏற்படும் செலவு வேறு. மின்சாரமும் ஜெனரேட்டர் டீசலும் 9,000, துப்புரவும் குப்பை அகற்றலும் 7,000, கூலியாட்கள் 4,000, தண்ணீர் லாரி 3,000, விரிப்புச் சலவையும் சில்லறைச் சேதமும் 2,000. ஆக, ஒரு விழாவுக்கு 25,000 ரூபாய்.

இவ்விரு செலவுகளையும் பிரித்தறிவதே முதற்பாடம். 30 லட்சத்தை 365 ஆல் வகுத்து, அதனுடன் 25,000 ஐச் சேர்த்து, “இதற்குக் கீழே கொடுத்தால் நட்டம்” என்று கணக்கிடுவோர் பலர். அது தவறான கணக்கு. காலியாகக் கிடக்கும் ஒரு செவ்வாய்க்கிழமையில் விழா நடந்தால் புதிதாக ஏற்படும் செலவு 25,000 மட்டுமே. அதற்கு மேல் கிடைக்கும் ஒவ்வொரு ரூபாயும் நிலையான செலவின் ஒரு பகுதியை அடைக்கிறது. ஆகவே வெறும் நாளின் அடிமட்ட விலையை 25,000 தீர்மானிக்கிறது. முகூர்த்த ஞாயிற்றுக்கிழமையின் விலையையோ, அந்த ஒரே நாளுக்காக எத்தனை குடும்பங்கள் வந்து கேட்கின்றன என்பது தீர்மானிக்கிறது.

நாட்களை நான்காகப் பிரித்தல்

வாரநாள், வார இறுதி என்ற இரண்டு பிரிவுகள் மண்டபத் தொழிலுக்குப் போதா. முகூர்த்தம் உண்டா இல்லையா என்பதையும் சேர்த்துப் பார்த்தால் நான்கு வகை நாட்கள் கிடைக்கின்றன. பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு நம் எடுத்துக்காட்டு மண்டபத்தின் ஆண்டைப் பிரித்தபோது கிடைத்தவை இவை: சனி, ஞாயிறுகளில் வரும் முகூர்த்தம் 24 நாள், அவற்றுள் 24 நாளும் நிரம்பின. வாரநாள் முகூர்த்தம் 40, நிரம்பியவை 27. முகூர்த்தமற்ற சனி, ஞாயிறு 80, நிரம்பியவை 9. முகூர்த்தமற்ற வாரநாள் 221, நிரம்பியவை 2. ஆக 62 விழாக்கள். வாடகை வரவு 49.60 லட்சம், விழாச் செலவு 15.50 லட்சம், நிலையான செலவு 30 லட்சம். மிஞ்சியது 4.10 லட்சம் மட்டுமே.

முதல் வகையில் ஒரு நாள்கூடக் காலியில்லை என்பது பெருமைக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் அந்த 24 நாட்களுக்கும் ஆறு, ஏழு மாதங்களுக்கு முன்பே முன்பதிவு முடிந்து, அதன்பின் வந்தோரெல்லாம் திரும்பிப் போயிருந்தால், விலை குறைவாக இருந்தது என்றே பொருள். இதனை அறிய விசாரிப்புப் பதிவேடு ஒன்று வேண்டும். கேட்டவர் விரும்பிய தேதி, விழாவின் வகை, வருவோர் எண்ணிக்கை, பதிவு செய்யாமல் போன காரணம் ஆகிய நான்கையும் அன்றன்றே எழுதிவர வேண்டும். பதிவான விழாக்களின் ஏடு மட்டும் இருந்தால், திரும்பிப் போனவர்கள் நம் கண்ணுக்குப் படவே மாட்டார்கள்.

வார இறுதி முகூர்த்தத்தின் வாடகையை 1,05,000 ஆக உயர்த்தினால் சிலர் வேறு மண்டபம் நாடக்கூடும். எத்தனை பேரை இழந்தால் நட்டம்? முன்பு 24 விழாக்களில், விழாவுக்கு 55,000 வீதம் 13.20 லட்சம் கிடைத்தது. இப்போது விழாவுக்கு 80,000 கிடைக்கும். 17 விழாக்கள் நடந்தாலே 13.60 லட்சம் வந்துவிடுகிறது. அதாவது ஏழு நாட்களை இழந்தாலும் பழைய நிலைக்குக் கீழே போவதில்லை. விலையை உயர்த்துமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் வீண் அச்சம் நீங்கும்.

விற்பது நாளையன்று, வேளையை

திருமண வீட்டார் முந்தைய நாள் மாலை வரவேற்புக்கு வந்து, மறுநாள் முகூர்த்தமும் பகல் விருந்தும் முடித்து, மூன்று மணியளவில் வெளியேறுகின்றனர். ஆகவே ஞாயிறு முகூர்த்தம் என்பது உண்மையில் சனி மாலையையும் ஞாயிறு பகலையும் எடுத்துக்கொள்கிறது. ஞாயிறு மாலை காலியாகவே கிடக்கிறது. வெளியேறும் நேரத்தை ஒப்பந்தத்தில் எழுதி, துப்புரவுக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கினால், அம்மாலையை ஒரு வரவேற்புக்கோ பிறந்தநாள் விழாவுக்கோ கொடுக்கலாம்.

வெறும் நாட்களிலும் இவ்வாறே. சீமந்தம், காதணி விழா, நிச்சயதார்த்தம் போன்றவற்றுக்கு ஒரு வேளை போதும். முழுநாள் வாடகை கேட்டால் அக்குடும்பங்கள் உணவகத்தின் சிறு கூடத்தை நாடிச் சென்றுவிடுகின்றன. ஆனால் அரைநாளின் செலவு சரிபாதியாகக் குறையாது. துப்புரவும் கூலியும் அவ்வளவாகக் குறைவதில்லை. நம் மண்டபத்தில் அது 15,000 ஆகிறது. அதனைக் கொண்டு, முகூர்த்தமற்ற சனி, ஞாயிறுக்கு முழுநாள் 60,000, அரைநாள் 38,000 என்றும், வாரநாள் அரைநாளுக்கு 28,000 என்றும் வைக்கலாம். வாரநாள் முகூர்த்தம் பழையபடி 80,000 இலேயே இருக்கட்டும்.

இவ்விலைகளில் வார இறுதி முகூர்த்தம் 22, வாரநாள் முகூர்த்தம் 28, வெறும் வார இறுதியில் முழுநாள் 9, அரைநாள் 21, வாரநாள் அரைநாள் 15 என நடந்தால், வரவு 63.08 லட்சம். விழாச் செலவு 20.15 லட்சம், நிலையான செலவு 30 லட்சம் போக மிஞ்சுவது 12.93 லட்சம். வெறும் வாரநாட்களில் இன்னும் இருநூறுக்கு மேற்பட்டவை காலியாகவே இருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லா நாட்களையும் நிரப்ப வேண்டிய தேவையில்லை.

காலியான தேதிகளை யார் கேட்பர்?

வெறும் நாளுக்கு விலையைக் குறைத்துவிட்டால் மட்டும் கூட்டம் வந்துவிடாது. ஆடியில் திருமணம் செய்யாத குடும்பம் பாதி வாடகைக்கும் செய்யாது. அந்த நாள் தேவைப்படுவோரைத் தேடிச் செல்ல வேண்டும்.

முதலாவது, பிறருடைய நாட்காட்டி. தமிழரின் ஆடி, சூரியனைக் கொண்டு கணிக்கப்படுவது. ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடிகிறது. கன்னடரும் தெலுங்கரும் தவிர்க்கும் ஆஷாட மாதமோ, சந்திரனைக் கொண்டு கணிக்கப்பட்டு அமாவாசையோடு முடிகிறது. அடுத்து வரும் சிராவண மாதத்தில் அவர்களுக்கு முகூர்த்தங்கள் உண்டு. ஆகவே பெரும்பாலான ஆண்டுகளில், தமிழருக்கு ஆடி முடியுமுன்பே அவர்களுக்குத் திருமணக் காலம் தொடங்கிவிடுகிறது. அதுபோல் அவர்களுக்கு ஆஷாடம் பிறந்தபின்னும் தமிழரின் ஆனி முகூர்த்தங்கள் எஞ்சியிருப்பதுண்டு. இரு பஞ்சாங்கங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் உரிமையாளருக்கு வறண்ட காலம் சுருங்குகிறது. மார்கழியில் இந்த வேறுபாடு இல்லை. தனுர் மாதத்தை எல்லோரும் தவிர்க்கின்றனர். அப்போது கிறிஸ்துமஸுக்குப் பின்வரும் கிறிஸ்தவத் திருமணங்களையும், நிறுவனங்களின் ஆண்டிறுதி நிகழ்ச்சிகளையும் நாடலாம்.

இரண்டாவது, முகூர்த்த நாளைப் பாராத விழாக்கள். அறுபதாம் கல்யாணம் பிறந்த நட்சத்திரத்தைக் கொண்டு அமைவதால் எந்தக் கிழமையிலும் வரும். பயிற்சி வகுப்பு, குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டுக்கூட்டம், ஜவுளிக் கண்காட்சி விற்பனை ஆகியவை வாரநாட்களுக்கு ஏற்றவை. கண்காட்சி நடத்துவோர் தொடர்ந்து பல நாட்கள் எடுப்பதால், ஒரு துப்புரவுச் செலவு பல நாட்களுக்குப் பகிர்ந்து போகிறது. பதின்மூன்றாம் நாள் காரியத்துக்கு இடம் தருவதா என்பதை உரிமையாளர் முன்கூட்டியே முடிவு செய்வது நல்லது. தருவதாயின் உணவுக்கூடத்தை மட்டும் தனி வாயிலுடன் தருவோர் உண்டு.

தவறு நேரும் இடங்கள்

எப்போது விலையைக் குறைப்பது என்பதிலும் முறை வேண்டும். முகூர்த்த நாட்களுக்கு மாதக்கணக்கில் முன்பே பதிவு நடக்கிறது. சிறு விழாக்களுக்கு இரண்டு முதல் ஆறு வாரங்களுக்கு முன்பே கேட்கின்றனர். ஆகவே முகூர்த்த நாளொன்றை, அதற்கு 45 நாட்கள் இருக்கும்வரை அரைநாள் விழாவுக்குக் கொடுக்கக் கூடாது. ஜனவரியில் 28,000 ரூபாய்ப் பிறந்தநாள் விழாவுக்கு ஒப்புக்கொண்டு, மார்ச்சில் அதே நாளுக்கு வரும் திருமணத்தைத் திருப்பி அனுப்புவது, இத்தொழிலில் மிகுந்த இழப்பைத் தரும் தவறு.

ஆளுக்கேற்ற பேரம் மற்றொரு தவறு. ஒரே நாளுக்கு ஒரே வசதியை ஒருவருக்கு 80,000 க்கும் இன்னொருவருக்கு 60,000 க்கும் கொடுத்தால், அது பந்தியிலேயே தெரிந்துவிடும். குறைந்த விலைக்குத் தரும்போது, வேளை, தங்கும் அறைகள், குளிர்சாதனம் ஆகியவற்றில் எது குறைகிறது என்பது அச்சிட்ட விலைப்பட்டியலில் இருக்க வேண்டும். இங்குக் கூறிய வாடகைகள் சரக்கு மற்றும் சேவை வரி நீங்கலானவை. 18 சதவீத வரி சேர்ந்தால் 1,05,000 என்பது 1,23,900 ஆகிறது. கேட்பவரிடம் இந்த மொத்தத் தொகையையே முதலில் கூறுவது நல்லது. முன்பணம் வாங்கும்போதே அதற்குரிய வரி செலுத்தும் பொறுப்பு எழுகிறது என்பதையும் மறக்கலாகாது.

முன்பணத்தை வருமானமாகக் கருதுவது கடைசித் தவறு. ஆனியில் கணக்கில் இருக்கும் தொகையின் ஒரு பகுதி, ஆவணியில் நடக்கவுள்ள விழாவுக்குரியது. அதனைச் செலவிட்டுவிட்டால் ஆடித் தவணை தவறும். தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கடன் வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். ஆகவே வைகாசி, ஆனி வரவிலிருந்து மூன்று மாதத் தவணைக்குரிய தொகையைத் தனி வைப்பாக ஒதுக்கிவிடுமாறு வாடிக்கையாளர்களுக்கு நாம் கூறுவதுண்டு. வரவு பருவத்தையொட்டி வருவதைக் காட்டும் முன்பதிவு ஏட்டுடன் கடன் பெறும்போதே கிளையை அணுகினால், தவணை அமைப்பை அதற்கேற்ப வகுக்க இயலுமா என்பதையும் பரிசீலிக்கலாம். தவணை தவறிய பின் வருவதைவிட, அடுத்த ஆண்டுப் பஞ்சாங்கம் வெளிவந்ததும் அதனோடு வருவதே இரு தரப்புக்கும் நலம்.