1983 ஜூலையைப் பள்ளிக் கட்டுரையில் எழுதுவது எப்படி?

அரிமளம் பகுதியில் ஒரு பள்ளி மாணவருக்கு ‘இலங்கையில் 1983 ஜூலை’ என்று கட்டுரைத் தலைப்பு கிடைத்தால், அதைப் படிக்கப்போகிறவர் ஆசிரியர் மட்டும் அல்ல. லெணாவிலக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை என்று புதுக்கோட்டை மாவட்டத்திலேயே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. பக்கத்து வரிசையில் உட்காரும் மாணவியின் தாத்தா பாட்டி அந்த வாரத்தைக் கண்ணால் கண்டவர்களாக இருக்கலாம். அவர்கள் முன்னால் வாசித்தாலும், எதிர்த்தரப்பில் நிற்கும் ஒருவர் முன்னால் வாசித்தாலும் ஒரு வரியையும் திருத்த வேண்டியிராத கட்டுரைதான் நமக்கு வேண்டும்.

1. முதலில் நடந்ததை வரிசையாக எழுதுங்கள்

எந்தப் பெயரும் சூட்டாமல், தேதிவாரியாக ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் 13 ராணுவத்தினர் இறந்தார்கள். மறுநாள் இரவு கொழும்பு பொரளையில், அவர்களை அடக்கம் செய்யவிருந்த கனத்தை மயானத்தை ஒட்டி வன்முறை தொடங்கியது. அடுத்த சில நாட்களில் அது கொழும்பு முழுவதும், பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவியது. வெலிக்கடைச் சிறைக்குள் 25ஆம் தேதி 35 பேரும், 27ஆம் தேதி 18 பேருமாக 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள்.

13 ராணுவத்தினரின் மரணத்தை மறைக்க வேண்டாம். மறைத்தால் படிப்பவருக்கு மற்ற வரிகள் மீதும் ஐயம் வரும். ஆனால் இணைக்கும் சொல்லில் கவனம் தேவை. ‘அதனால் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள்’ என்று எழுதினால், கொழும்பில் கடை வைத்திருந்தவர் யாழ்ப்பாணத்தில் நடந்ததற்குப் பொறுப்பு என்பதுபோல் ஆகிவிடும். ‘அதையடுத்து’ என்பது காலத்தை மட்டும் சொல்லும். அதுவே போதும்.

2. சான்றுக்கு ஏற்ற சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

செய்தித்தாள்களில் ‘கலவரம்’ என்றே பழகியிருக்கிறோம். இரண்டு கூட்டங்கள் மோதிக்கொள்வதைத்தான் அந்தச் சொல் நினைவூட்டும். 1983இல் கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த வீட்டில் தமிழர் இருக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத் தீ வைத்தன. பல இடங்களில் காவல்துறையும் ராணுவமும் தடுக்காமல் நின்றன. இது மோதல் இல்லை, தாக்குதல். ‘தமிழருக்கு எதிரான வன்முறை’ என்று எழுதுவது சரி. வெலிக்கடையில் நடந்ததைப் ‘படுகொலை’ என்று தயங்காமல் எழுதலாம்.

‘இனப்படுகொலை’ என்பது சட்டச் சொல்லும்கூட. 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற ஒப்பந்தம் அதை வரையறுக்கிறது: தேசிய, இன, மரபின, மதக் குழு ஒன்றை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்தோடு செய்யும் செயல்கள். கொல்வது, கடுமையான உடல் மனக் காயம் விளைவிப்பது, வாழ முடியாத நிலைமைகளை வேண்டுமென்றே உண்டாக்குவது, பிறப்பைத் தடுப்பது, குழந்தைகளைப் பிரித்து வேறு குழுவிடம் சேர்ப்பது ஆகிய ஐந்தும் அதில் அடங்கும். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதைவிட, அழிக்கும் நோக்கம் இருந்ததா என்பதே அங்கே கேள்வி. அதனால்தான் வாக்காளர் பட்டியல் போன்ற விவரம் முக்கியமாகிறது. அது முன்திட்டத்தைக் காட்டும் சான்று. ஆனால் திட்டமிட்ட தாக்குதல் என்பதும் அழிக்கும் நோக்கம் என்பதும் ஒன்றல்ல. முதலாவதை நிறுவிவிட்டு இரண்டாவதையும் நிறுவியதாக எழுதிவிடக் கூடாது.

அப்படியானால் அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாமா? பயன்படுத்தலாம், யார் சொன்னது என்பதோடு சேர்த்து. 1983 டிசம்பரிலேயே பன்னாட்டுச் சட்ட வல்லுநர்கள் ஆணையத்தின் வெளியீடு இந்தத் தாக்குதல்கள் இனப்படுகொலைச் செயல்கள் என்று கூறியது. 2015இல் இலங்கையின் வடமாகாண சபை, தமிழர் மீது இனப்படுகொலை நடந்தது என்று தீர்மானம் நிறைவேற்றியது. இலங்கை அரசு மறுக்கிறது. நீதிமன்றம் எதுவும் 1983 நிகழ்வுகளை அப்படித் தீர்ப்பாகச் சொல்லவில்லை. இந்த நான்கையும் எழுதிவிட்டு, உங்கள் முடிவையும் காரணத்தோடு எழுதுங்கள்.

3. எண்ணை உரியவரோடு சேர்த்து எழுதுங்கள்

வெலிக்கடையின் 53 உறுதியான எண். மொத்த இறப்பு அப்படி இல்லை. அரசுத் தரப்பு சில நூறு என்றது. தமிழர் தரப்பு மதிப்பீடுகள் 3,000 வரை போகின்றன. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் இரண்டையும் சொல்லுங்கள். இரக்கம் பெருகட்டும் என்று ‘லட்சக்கணக்கில்’ என எழுதினால், மறுப்பவர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கட்டுரை முழுவதையும் பொய் என்பார்.

4. செய்தவரைச் சரியாகக் குறிப்பிடுங்கள்

‘சிங்களர்கள் கொன்றார்கள்’ என்று எழுத வேண்டாம். தாக்கியவை சிங்களக் கும்பல்கள். அதே வாரத்தில் அண்டை வீட்டுத் தமிழரைத் தம் வீட்டில் ஒளித்துக் காத்த சிங்களக் குடும்பங்களும் பல. இரண்டும் கட்டுரையில் வர வேண்டும். ‘கொல்லப்பட்டார்கள்’ என்று மட்டும் எழுதிவிட்டுச் செய்தவரை விட்டுவிடுவதும் பிழைதான். ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘யார்?’ என்று கேட்டுப் பாருங்கள்.

5. உடல்களை விவரிக்காதீர்கள்

தமிழ்க் கைதிகளான குட்டிமணியும் தங்கதுரையும் ஜூலை 25 அன்று வெலிக்கடையில் கொல்லப்பட்டார்கள் என்ற ஒரு வரி போதும். உடலுக்கு என்ன நேர்ந்தது என்ற வர்ணனை படிப்பவருக்கு எதையும் கூடுதலாக விளக்காது. உறவை இழந்தவரை மட்டும் மறுபடி நோகடிக்கும். ‘ஐயோ’, ‘துடிதுடிக்க’ போன்ற சொற்களையும் எடுத்துவிடுங்கள்.

முகாமில் இருப்பவரிடமோ, மலையகத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த ஊர்ப் பெரியவரிடமோ கேட்கப் போனால், ஆசிரியர் அல்லது பெற்றோர் மூலமாக முதலில் அனுமதி பெறுங்கள். ‘என்ன நடந்தது?’ என்று தொடங்காமல், ‘எந்த ஊரில் இருந்தீங்க ஐயா?’ என்று தொடங்குங்கள். அவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். பெயரையும் ஊரையும் அவர் சரி என்றால் மட்டுமே எழுதுங்கள்.

ஒரு பத்தியைத் திருத்திப் பார்ப்போம்

முதல் படி: ‘1983இல் இலங்கையில் பெரும் கலவரம் மூண்டது. லட்சக்கணக்கான தமிழர்கள் துடிதுடிக்கக் கொல்லப்பட்டார்கள். சிங்களர்கள் இரக்கமற்றவர்கள்.’

திருத்திய படி: ‘1983 ஜூலை 24 இரவு கொழும்பில் தமிழருக்கு எதிரான வன்முறை தொடங்கியது. சிங்களக் கும்பல்கள் வாக்காளர் பட்டியலின் துணையோடு தமிழர் வீடுகளைத் தேடி எரித்தன. பல இடங்களில் காவல்துறை தடுக்கவில்லை. இறந்தவர்கள் சில நூறு என்று அரசுத் தரப்பும், 3,000 வரை என்று தமிழர் தரப்பும் கூறின. சிங்கள அண்டை வீட்டார் பலர் தமிழர்களைக் காப்பாற்றினார்கள்.’

இரண்டாவதில் அழுத்தமான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் குற்றம் கூடுதல் தெளிவாகத் தெரிகிறது.

6. முடிவுரையில் பொறுப்பைப் பேசுங்கள்

‘இனி இப்படி நடக்கக் கூடாது’ என்ற வரி எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும். அதற்குப் பதிலாக, பிறகு என்ன நடந்தது என்று எழுதுங்கள். பல்லாயிரம் பேர் கடல் கடந்து தமிழகம் வந்தார்கள். 21 ஆண்டுகள் கழித்து, 2004 ஜூலையில், அன்றைய ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க இந்த வன்முறைக்காகப் பொது மேடையில் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு வந்தது, கொன்றவர்களுக்குத் தண்டனை வந்ததா என்ற கேள்வியோடு கட்டுரையை நிறுத்தலாம்.