ஸ்லைடு எண்ணிக்கை மதிப்பெண் ஆகுமா?

கேள்வி: கல்லூரியில் 30 மணி நேரச் சுற்றுச்சூழல் பாடம் எடுக்கிறேன். கையில் 120 ஸ்லைடுகள் இருக்கின்றன. அவற்றை வைத்து 60 மதிப்பெண் வினாத்தாளுக்கு முதன்முறையாகப் புளூபிரிண்ட் போடச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்லைடு கணக்கில் பிரித்தால் பல்லுயிர் அலகுக்கு மட்டும் 26 மதிப்பெண் வருகிறது. மாணவர்களுக்கு அநியாயம் செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.
– ம.சு., ராஜபாளையம்

பதில்: அன்புள்ள ம.சு., பயப்பட வேண்டாம். 26 என்ற எண்ணைப் பார்த்ததும் உங்களுக்கு உறுத்தியதே, அந்த உறுத்தல் சரியானது. அரைமணி நேரத்தில் சரிசெய்துவிடலாம்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். பல்லுயிர் அலகில் 52 ஸ்லைடுகள். அவற்றில் பாதிக்கு மேல் அய்யனார் கோவில் ஓடையோரம் மாணவர்களோடு போய் எடுத்த படங்கள். ஒரு படம் ஒரு நிமிடத்தில் நகர்ந்துவிடும். நீர் அலகிலோ 18 ஸ்லைடுகள்தான். ஏனென்றால் அந்தக் கணக்குகளை எல்லாம் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருக்கிறீர்கள். பலகையில் நடத்தியது ஸ்லைடில் தெரியாது. ஆகவே ஸ்லைடைத் தலைப்புகளின் பட்டியலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாட எடையை (எந்த அலகுக்கு எவ்வளவு மதிப்பெண் என்பதை) நடத்திய நேரத்திலிருந்து எடுங்கள்.

30 மணிக்கு 60 மதிப்பெண் என்றால் ஒரு மணிக்கு 2. சூழல் மண்டலம் 6 மணி, பல்லுயிர் 8, நீர் 8, மாசு 5, சட்டங்கள் 3 என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே இரட்டித்தால் 12, 16, 16, 10, 6. அடுத்து வினா வகைகளை இந்தக் கட்டங்களில் நிரப்ப வேண்டும். 1 மதிப்பெண்ணில் 12, 3 மதிப்பெண்ணில் 8, 8 மதிப்பெண்ணில் 3 வினாக்கள் வைத்தால் இப்படி அமையும்:

| அலகு | 1 மதிப்பெண் வினா | 3 மதிப்பெண் வினா | 8 மதிப்பெண் வினா | மொத்தம் |
|---|---|---|---|---|
| சூழல் மண்டலம் | 1 | 1 | 1 | 12 |
| பல்லுயிர் | 2 | 2 | 1 | 16 |
| நீர் | 2 | 2 | 1 | 16 |
| மாசு | 4 | 2 | – | 10 |
| சட்டங்கள் | 3 | 1 | – | 6 |
| மதிப்பெண் | 12 | 24 | 24 | 60 |

குறுக்கே கூட்டினாலும் நெடுக்கே கூட்டினாலும் 60 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு வினா கூடியோ குறைந்தோ இருக்கிறது என்று பொருள். விடை எழுதும் நேரத்தையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். வினா ஒன்றுக்கு முறையே 1, 5, 18 நிமிடம் என்றால் 12 + 40 + 54 = 106 நிமிடம். இரண்டு மணி நேரத் தேர்வில் 14 நிமிடம் மிஞ்சும். அது வாசித்துப் பார்க்கப் போதும்.

அடுத்தது சிந்தனை நிலை (மாணவரின் மூளைக்கு என்ன வேலை தருகிறோம் என்பது). பெஞ்சமின் புளூம் குழுவினர் 1956இல் வகுத்த படிகளில் உங்களுக்கு நினைவு, புரிதல், பயன்படுத்தல் என்ற மூன்று போதும். உங்கள் ஊர் எடுத்துக்காட்டையே சொல்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் எந்த ஆண்டு அமைந்தது என்று கேட்டால் 1988 என்பது நினைவு. ஓடையோர மரங்களை வெட்டினால் அந்த அணிலுக்கு என்ன ஆகும் என்பது புரிதல். கிளைகள் தொடும் மரங்களின் வழியேதான் அது நடமாடுகிறது. ஓடையை ஒட்டி வரும் ஒரு பாதையின் வரைபடத்தைக் கொடுத்து, மரத்தொடர் எங்கே அறுபடுகிறது, எதை மாற்றலாம் என்று கேட்டால் அது பயன்படுத்தல். 1 மதிப்பெண் நினைவுக்கு, 3 மதிப்பெண்ணும் சூழல் மண்டல 8 மதிப்பெண்ணும் புரிதலுக்கு, பல்லுயிர், நீர் இரண்டின் 8 மதிப்பெண்ணும் பயன்படுத்தலுக்கு என்று வைத்தால் 12, 32, 16 என்று வரும்.

பலர் இடறுவது 'அல்லது' வினாவில். நீர் அலகில் நீர்த்தேக்கக் கணக்கு ஒன்றைக் கேட்டு, அதற்கு மாற்றாக மாசின் வகைகளை எழுதச் சொன்னால், நீர் அலகைத் தொடாத மாணவர் எளிதாகத் தப்பிவிடுவார். கணக்குப் போட்டவர் கூடுதலாக உழைத்திருப்பார். மாற்று வினா அதே அலகில், அதே சிந்தனை நிலையில் இருக்க வேண்டும்.

புளூபிரிண்ட் பங்கீட்டைத்தான் காக்கும். ஒரு வினா தெளிவாக இருக்கிறதா என்று அது சொல்லாது. அதனால் வினாத்தாளை எழுதி முடித்ததும், அட்டவணையைக் காட்டாமல் உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவரிடம் கொடுங்கள். ஒவ்வொரு வினாவுக்கும் எந்த அலகு, எந்த நிலை என்று அவர் எழுதட்டும். அவர் எழுதியது உங்கள் கட்டத்தோடு பொருந்தாத வினாக்களை மட்டும் திருத்தி எழுதுங்கள். தேர்வுக்கு முன்பே இந்த அட்டவணையை மாணவர்களிடமும் காட்டிவிடுங்கள். எந்த அலகுக்கு எவ்வளவு நேரம் படிக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டியதுதான்.